பற்றுச்சீட்டு கேட்காத மானியத்துக்கு பட்ஜெட் போடுவது எப்படி?

*"ஐயா, ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் 48 குடும்பங்களுக்குக் குடிநீர்த் திட்டம் செய்ய எங்கள் சிறிய அமைப்பு விண்ணப்பித்தது. 10 மாதம், 60 இலட்சம் ரூபாய். 'இது நிலைத் தொகை மானியம், பற்றுச்சீட்டு அனுப்பத் தேவையில்லை, மைல்கல் முடிந்தால் பணம் வரும்' என்றார்கள். நான்கு மைல்கல், ஒவ்வொன்றுக்கும் 15 இலட்சம் என்று எழுதினேன். 'தொகைக்கு அடிப்படை இல்லை, மைல்கற்களைச் சரிபார்க்க வழியில்லை' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பற்றுச்சீட்டே வேண்டாம் என்றவர்கள் ஏன் செலவு விவரம் கேட்கிறார்கள்? எப்படித் திருத்துவது? எங்கள் கையிருப்பு 4 இலட்சம்தான். செலவுக் குறிப்பை இணைத்திருக்கிறேன்."*
— ஒரு வாசகி, ஹட்டன்

பற்றுச்சீட்டு வேண்டாம் என்பது ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு உள்ள கதை. அதற்கு முன்பு, தொகை சரியா என்று பார்க்க அவர்களிடம் இருப்பது உங்கள் செலவுக் கணக்கு மட்டும்தான். வழமையான மானியத்தில் 60 கேட்டுவிட்டு 52க்குத்தான் பில் காட்டினால் மீதி 8 அவர்களிடமே நின்றுவிடும். இங்கே அப்படியில்லை. வேலையை முடித்துக் காட்டினால் 60ஐயும் கொடுத்தாக வேண்டும். பின்னால் பார்க்க முடியாததை முன்னாலேயே பார்த்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். அமெரிக்க அரசுப் பணம் என்றால் இது விதியிலேயே இருக்கிறது. அந்நாட்டு கூட்டாட்சி விதித்தொகுப்பில் மானியங்களுக்கான 200ஆம் பகுதி, நிலைத் தொகையைப் போதிய செலவு விவரம், பழைய திட்டங்களின் கணக்கு, அலகு விலை ஆகியவற்றை வைத்துத்தான் பேசி முடிக்க வேண்டும் என்கிறது. வேறு நாட்டு டோனர்களும் ஏறக்குறைய இதையே கேட்பார்கள்.

ஆகவே நீங்கள் அனுப்ப வேண்டியது இரண்டு தாள். ஒன்று செலவு பட்ஜெட்: 60 இலட்சம் எப்படி வந்தது என்று காட்டுவது. மற்றது மைல்கல் அட்டவணை: எது முடிந்தால் எவ்வளவு பணம் என்று சொல்வது. முதல் தாள் பேச்சுவார்த்தைக்கு, இரண்டாவது ஒப்பந்தத்துக்கு. நீங்கள் இரண்டாவதை மட்டும் அனுப்பியிருக்கிறீர்கள். 60ஐ நாலால் வகுத்த கணக்கு அது என்பது பார்த்தவுடனே தெரிகிறது.

செலவுத் தாளில் உங்களுக்குப் பெரிய வேலை இல்லை. நீங்கள் இணைத்த குறிப்பே நல்ல அடித்தளம்: பைப், சீமெந்து, தொட்டி எல்லாம் சேர்த்துப் பொருட்கள் 26, மேசன் பாஸ், குழாய் வேலைக்காரர் கூலி 10, இணைப்பாளர், கணக்கு உதவியாளர் சம்பளம் 10, லொறியும் அதற்கு மேல் தலைச்சுமையும் 5, அளவை, வரைபடம், நீர்ப் பரிசோதனை 3, கூட்டங்களும் குழுப் பயிற்சியும் 2.5, அலுவலகப் பங்கு 3.5. எல்லாம் இலட்சத்தில். இதில் ஒவ்வொரு வரிக்கும் கீழே ஒரு குறிப்பு வேண்டும், அந்த எண் எங்கிருந்து வந்தது என்று. பொருளுக்கு மூன்று கடை கொட்டேஷன். அதில் 18 வீத வாட் சேர்ந்ததா இல்லையா என்பது. கூலிக்கு நாள் எத்தனை, நாளுக்கு எவ்வளவு. சம்பளத்தில் வேலை தருபவர் கட்ட வேண்டிய ஊழியர் சேமலாப நிதி 12 வீதமும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி 3 வீதமும் அடங்கியிருக்க வேண்டும். இதை மறந்துவிட்டு, பிறகு சம்பளத்தில் கைவைக்கிற அமைப்புகள் நிறைய.

'எதிர்பாராச் செலவு' என்று தனியாக ஒரு வரி போடாதீர்கள். முதலில் வெட்டுப்படுவது அதுதான். அந்த ஆபத்தை அது பிறக்கும் வரியிலேயே, காரணத்தோடு வையுங்கள். "கொட்டேஷன் 30 நாள் மட்டும் செல்லும், நாங்கள் ஐந்தாம் மாதத்தில் வாங்குகிறோம், அதனால் பைப் விலையில் இவ்வளவு வீதம் கூட்டியிருக்கிறோம்" என்று எழுதினால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். இந்த வகை மானியத்தில் விலை ஏறினால் அந்த நட்டம் உங்களுடையது. 2022இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 அளவுக்குப் போனதையும், ஹார்ட்வெயார் கடைக்காரர்கள் காலையில் சொன்ன விலையை மாலையில் மாற்றியதையும் நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒப்பந்தத் தொகை ரூபாயிலா டொலரிலா என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள்.

சரி, இனி பணம் வரும் வரிசைக்கு வருவோம். உங்கள் அட்டவணையில் எனக்குப் பயமாகத் தெரிவது இதுதான். டோனர் இதைச் சொல்லவில்லை. சொல்வது அவர்களுடைய வேலையும் இல்லை.

உங்கள் வேலை நான்கு கட்டமாக இருக்கிறது. முதல் இரண்டு மாதம் அளவை, வரைபடம், கூட்டம்: சம்பளமும் அலுவலகமும் சேர்த்துச் செலவு 5.2 இலட்சம். அடுத்த இரண்டு மாதம் ஊற்றுத் தொட்டியும் சேமிப்புத் தொட்டியும்: 17.7. அதன் பின் நாலு மாதம் பைப் இழுத்து வீடுகளுக்குக் குழாய் வைப்பது: 32.4. கடைசி இரண்டு மாதம் நீர்ப் பரிசோதனை, பயிற்சி, ஒப்படைப்பு: 4.7. கூட்டினால் 60.

இப்போது உங்கள் நான்கு 15ஐ இதன் மேல் வைத்துப் பாருங்கள். முதல் கட்டத்தை முடிக்கவே கையிலிருந்து 5.2 போட வேண்டும். உங்களிடம் இருப்பது 4. எப்படியோ சமாளித்து முதல் 15ஐ வாங்கிவிட்டீர்கள் என்று வைப்போம். தொட்டி வேலை முடியும்போது 7.9 இலட்சம் பள்ளத்தில் நிற்பீர்கள். இரண்டாவது 15 வரும், மூச்சு விடலாம். அப்புறம் பைப் வேலை. அது முடிந்து மூன்றாவது பணம் வருவதற்கு முன்னால் பள்ளம் 25.3 இலட்சம். எந்தக் கடைக்காரர் அவ்வளவு கடன் தருவார்? வேலை பாதியில் நிற்கும், மைல்கல் முடியாது, முடியாததால் பணம் வராது, பணம் வராததால் வேலை நகராது. இந்த மானியங்களில் சிறிய அமைப்புகள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். மேலே சொன்ன பட்ஜெட்டில் ஒரு ரூபாய்கூடப் பிழை இல்லாமலே இது நடக்கும்.

இதைக் கண்டதும் பலர் செய்வது, ஒவ்வொரு மைல்கல்லுக்கும் அந்தக் கட்டத்தின் செலவையே விலையாகப் போடுவது: 5.2, 17.7, 32.4, 4.7. பார்க்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அப்போது ஒவ்வொரு கட்டத்தையும் முழுக்க உங்கள் காசில் செய்துவிட்டுப் பிறகு வாங்குகிறீர்கள். பள்ளம் 32.4 ஆகிவிடும், முன்னதைவிட மோசம்.

ஒரு மைல்கல்லுக்கு வரும் பணம் அடுத்த கட்டத்தைச் செய்யப் போதுமானதாக இருக்க வேண்டும். அதன் விலையை அப்படித்தான் தீர்மானிக்க வேண்டும். பெரிய கட்டத்தை இரண்டாக உடைக்க வேண்டும். உங்கள் திட்டத்தை நான் இப்படி ஆறாகப் பிரிப்பேன்:

அ. வேலைத்திட்டம், பணியாளர் நியமனக் கடிதம், தண்ணீர்க் குழுவின் கூட்டக் குறிப்பு ஒப்படைப்பு, முதல் இரண்டு வாரத்தில்: 6 இலட்சம்.
ஆ. ஊற்றின் நீரளவு, நீர்ப் பரிசோதனை, இறுதி வரைபடம், 2ஆம் மாத முடிவில்: 17.
இ. ஊற்றுத் தொட்டியும் சேமிப்புத் தொட்டியும் முடிந்தது, 4ஆம் மாதம்: 18.
ஈ. பிரதான பைப், லயன் வீடுகள் வரை வந்து தண்ணீர் ஓடுகிறது, 6ஆம் மாதம்: 12.
உ. வீட்டுக் குழாய்கள், 8ஆம் மாதம்: 4.
ஊ. இறுதிப் பரிசோதனை, குழுவிடம் ஒப்படைப்பு, 10ஆம் மாதம்: 3.

பைப் கட்டத்தின் 32.4இல் பிரதான பைப்புக்கு 17.7, வீட்டுக் குழாய்களுக்கு 14.7 என்று பிரித்துக்கொண்டால், மொத்தம் வந்ததும் மொத்தம் போனதும் இப்படி ஓடும்: 'அ' கிடைத்ததும் கையில் 6, முதல் கட்டச் செலவு 5.2. 'ஆ' வந்தபின் மொத்த வரவு 23, தொட்டி முடியும்போது மொத்தச் செலவு 22.9. 'இ' வந்தபின் 41, பிரதான பைப் முடியும்போது 40.6. 'ஈ' வந்தபின் 53, வீட்டுக் குழாய் முடியும்போது 55.3, இங்கே 2.3 பள்ளம். 'உ' வந்தபின் 57, எல்லாம் முடியும்போது 60, பள்ளம் 3. ஆக, எந்த இடத்திலும் உங்கள் 4 இலட்சத்துக்கு வெளியே போகவில்லை.

டோனர் இதை அப்படியே ஒப்புக்கொள்வார் என்று சொல்ல மாட்டேன். "காகிதம் கொடுத்ததற்கே 23 இலட்சமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. முதல் இரண்டு மைல்கல்லோடு நீங்கள் ஓடிவிட்டால் அவர்கள் கையில் மிஞ்சுவது வரைபடம்தான். அதற்குப் பதில் செலவுத் தாளில் இருக்க வேண்டும். கடைசியில் ஒரு சின்னப் பாலம் போடுங்கள்: கட்டத்தின் செலவு, அதற்கு முன் வந்திருக்கும் பணம், கையில் நிற்பது என்று மூன்று நிரல். அதைப் பார்த்தால் எந்தக் கட்டத்திலும் ஓர் இலட்சத்துக்கு மேல் உங்கள் கையில் சும்மா கிடக்காது என்பது அவர்களுக்கே தெரியும். கடைசிக் கொடுப்பனவை 3இலிருந்து 6 ஆக்கச் சொன்னால், பள்ளமும் 6 ஆகும், கையிருப்பு 4தான் என்று அதே தாளைக் காட்டிப் பேசலாம். வேண்டுமானால் 'இ'யை இரண்டாக உடைக்கச் சம்மதியுங்கள். பைப் வந்து இறங்கியதற்கு ஒன்று, தொட்டிக்கு ஒன்று. மைல்கல்லைக் கூட்டுவது உங்களுக்கு நட்டமில்லை, அறிக்கை வேலைதான் கூடும்.

இன்னொன்று. மேலே உள்ள கணக்கு எல்லாம் மைல்கல் முடிந்த அன்றே பணம் வருகிறது என்ற எண்ணத்தில் போட்டது. அப்படி எங்கும் வராது. ஆதாரம் அனுப்பி, அவர்கள் பார்த்து, கேள்வி கேட்டு, வங்கியில் விழ ஒரு மாதம் ஆகலாம். அந்த ஒரு மாதச் சம்பளமும் அலுவலகமும் மட்டும் உங்களுக்கு 1.35 இலட்சம், பாஸ்மார் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். "ஆதாரம் ஏற்ற நாளிலிருந்து எத்தனை நாளில் பணம்" என்பதை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் முக்கால்வாசி முடிந்ததும் ஆதாரக் கோவையைத் தயாரிக்கத் தொடங்குங்கள்.

அடுத்தது மைல்கல்லின் வாசகம். நீங்கள் எழுதிய மூன்றாவது மைல்கல் "48 குடும்பங்கள் பாதுகாப்பான குடிநீர் பெற்றுப் பயனடைதல்". இதை யார் எப்படிச் சரிபார்ப்பார்? எந்த நாளில் பயனடைந்தார்கள்? மைல்கல் என்பது ஆம் அல்லது இல்லை என்று ஒருவர் நின்று பார்த்துச் சொல்லக்கூடிய நிகழ்வாக இருக்க வேண்டும். 'உ'வை நான் இப்படி எழுதுவேன்:

"இணைப்புப் பட்டியலில் உள்ள 48 வீடுகளில் குறைந்தது 45இல் குழாய் பொருத்தி, காலை நேரத்தில் தண்ணீர் வருதல். ஆதாரம்: வீட்டு எண், குடும்பத் தலைவர் கையொப்பம், பொருத்திய திகதி கொண்ட பட்டியல், ஒவ்வொரு குழாயின் படம், தண்ணீர்க் குழுத் தலைவரின் உறுதிக் கடிதம். 45க்குக் குறைந்தால் குறையும் ஒவ்வொரு குழாய்க்கும் 8,300 ரூபாய் கழிக்கப்படும்."

48 என்று அடித்து எழுதாமல் 45 போட்டதற்குக் காரணம் உங்களுக்கே தெரியும். எந்த லயனிலும் ஓரிரு காம்பரா பூட்டியே கிடக்கும், ஆட்கள் கொழும்பில் கடைவேலைக்கோ வீட்டு வேலைக்கோ போயிருப்பார்கள். 48 என்று எழுதிவிட்டு 47 செய்தால், வாசகப்படி மைல்கல் முடியவில்லை. 4 இலட்சமும் நிற்கும். கடைசி வரியில் உள்ள கழிவு அந்த 4 இலட்சத்தை 48ஆல் வகுத்து வந்த அலகு விலைதான். அது இருந்தால் மூன்று வீட்டுக் குறைக்கு முழுக் கொடுப்பனவும் சிக்காது. அமெரிக்க விதியிலும் ஒப்புக்கொண்ட அளவு வேலை நடக்காவிட்டால் தொகையைச் சரிக்கட்ட வேண்டும் என்றுதான் இருக்கிறது. எப்படிச் சரிக்கட்டுவது என்பதை முன்கூட்டியே எழுதிவைப்பது இரு தரப்புக்கும் நல்லது.

ஆதாரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, அது யார் மேசையிலிருந்து வர வேண்டும் என்று பாருங்கள். உங்கள் 'முதல் மைல்கல்' தோட்ட நிர்வாகத்தின் எழுத்து அனுமதி. துரை நல்லவராகவே இருக்கலாம், ஆனால் கடிதம் கொழும்பில் உள்ள கம்பெனித் தலைமையகத்துக்குப் போய்த் திரும்ப எத்தனை மாதம் ஆகும் என்று அவருக்கே தெரியாது. அனுமதியில்லாமல் ஊற்றில் கைவைக்கவும் முடியாது. ஆகவே அதை ஒப்பந்தத்துக்கு முன்பே வாங்கி விண்ணப்பத்தோடு இணையுங்கள், மைல்கல்லாக வைக்காதீர்கள். நீர்ப் பரிசோதனையும் அப்படித்தான். "அறிக்கை கிடைத்தல்" என்று எழுதினால் ஆய்வுகூடத்தின் தாமதம் உங்கள் தலையில் விழும். முதல் பரிசோதனைக்கு "மாதிரி ஒப்படைத்த ரசீதும் வரைபடமும்" என்று கேட்டுப் பாருங்கள். கடைசிப் பரிசோதனைக்கு அறிக்கையையே கேட்பார்கள், அதில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள், மாட்டவும் கூடாது.

மழையையும் இதே கண்ணோடு பாருங்கள். ஜனவரியில் தொடங்கினால் உங்கள் பிரதான பைப் வேலை மே, ஜூனில் விழுகிறது. ஹட்டன் பக்கம் அது தென்மேல் பருவமழை. கான் வெட்டினால் மறுநாள் மண் சரிந்து மூடிக் கிடக்கும், தலைச்சுமைக்கு ஆள் கிடைக்காது. பதுளைப் பக்கம் என்றால் கணக்கு வேறு, அங்கே பெரிய மழை வருஷக் கடைசியில். தொடங்கும் மாதத்தை நவம்பருக்குக் கொண்டுபோக முடிந்தால் பைப் வேலை மார்ச், ஏப்ரலுக்கு வரும், சித்திரைப் புத்தாண்டு லீவை மட்டும் கழித்துக்கொண்டால் போதும். ஊற்றின் நீரளவை மட்டும் இந்த வருஷப் பெப்ரவரி, மார்ச் வறட்சியிலேயே ஒரு வாளியும் கைக்கடிகாரமும் வைத்து அளந்துவிடுங்கள். மழைக்காலத்தில் அளந்தால் 'ஆ' அழகாக முடியும். வறட்சி வந்ததும் எல்லாரும் பழையபடி பீலிக்குத்தான் குடத்தைத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

பற்றுச்சீட்டை எறிந்துவிடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். டோனருக்கு அனுப்பத் தேவையில்லை என்பதால் உங்கள் கணக்காய்வாளருக்கும் தேவையில்லை என்று ஆகாது. அமெரிக்கப் பணமாக இருந்தால் ஆவணங்களை மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும், முடிவில் வேலை ஒப்புக்கொண்டபடி முடிந்தது என்று எழுத்தில் உறுதியும் கொடுக்க வேண்டும். அதைவிட, அடுத்த விண்ணப்பத்தில் "ஒரு வீட்டுக் குழாய்க்கு எங்களுக்கு ஆன உண்மைச் செலவு இது" என்று எழுத இந்தப் பற்றுச்சீட்டுக் கட்டைவிட நல்ல சாட்சி இல்லை. 60இல் 57தான் செலவானது என்றால் மீதி 3 பொதுவாக உங்களுடையது; இருந்தாலும் ஒப்பந்தத்தில் அந்த வரியை வாசித்துவிட்டுச் சந்தோஷப்படுங்கள்.

விண்ணப்பத்தில் "தோட்டமும் 10 இலட்சம் பங்களிக்கும்" என்று ஒரு வரி போட்டிருக்கிறீர்கள். அதை எடுத்துவிடுங்கள், அல்லது எண் இல்லாமல் விவரிப்பில் மட்டும் வையுங்கள். பங்களிப்பு கட்டாயமாக உள்ள திட்டங்களுக்கு இந்த வகை மானியத்தைப் பயன்படுத்த அமெரிக்க விதி இடம் தருவதில்லை. மற்ற டோனரிடமும், எழுதிய 10ஐ ஒருநாள் நிரூபிக்கச் சொல்வார்கள். மண் வெட்டும் சிரமதான நாட்களுக்கு விலை போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்க உங்களிடம் ஆள் இல்லை.

இடையில் ஏதாவது மாறினால், பைப் பாதை திரும்பலாம், இணைப்பாளர் விலகலாம், மைல்கல் திகதி கடப்பதற்கு முன்னாலேயே எழுத்தில் கேளுங்கள். பொறுப்பாளரை மாற்றவும் வேலையின் எல்லையை மாற்றவும் பெரும்பாலும் முன் அனுமதி வேண்டும். திகதி கடந்த பிறகு அனுப்பும் கடிதத்தைச் சாக்குப்போக்காகத்தான் வாசிப்பார்கள். மீண்டும் அனுப்புவதற்கு முன் அந்த அதிகாரிக்கு ஒரு கோல் எடுத்து இரண்டைக் கேளுங்கள்: முதல் கொடுப்பனவுக்கு உச்சவரம்பு உண்டா, கடைசிக் கொடுப்பனவுக்குக் குறைந்தபட்ச வீதம் உண்டா. அந்த இரண்டு எண்ணும் தெரிந்தால் நடுவில் உள்ள நாலையும் ஓர் இரவில் போட்டுவிடலாம்.